23-ம் எண்: பாளையங்கோட்டை வீடு ஒன்றின் பாக்கி வேலைப் பட்டியல்

பெருமாள்புரம் பக்கம் கட்டிய இரண்டு மாடி வீடு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், இங்கே இருந்து கவனித்துக்கொண்டது அவருடைய அப்பா. ஆவணியில் பால்காய்ப்புக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. ஆனி மாதக் கடைசியில் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசரும் பெரியவரும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி ஸ்நாக் லிஸ்ட் போட்டிருந்தார்கள். எந்த இடம், என்ன குறை, யார் வேலை, முடிந்ததா இல்லையா என்று நான்கு கட்டம். மொத்தம் 94 வரிகள். பெயிண்டருக்கு 38, ஆசாரிக்கு 17, கொத்தனாருக்கு 13, பிளம்பருக்கு 11, எலக்ட்ரீஷியனுக்கு 9, டைல்ஸ்காரருக்கு 6.

இந்த அளவு வீட்டுக்கு இது அதிகமில்லை. கதவு உரசுவது, சுவிட்ச் போர்டு கோணலாக நிற்பது, சுவரில் கை வைத்த தடம் என்று பெரும்பாலானவை ஒரு நாள் வேலை. அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. என்னைக் கூப்பிட்டது 23-ம் எண்ணுக்காக. பட்டியலில் அது இப்படி இருந்தது: "மாடி பெட்ரூம், சுவரில் பெயிண்ட் உப்பியிருக்கு, பெயிண்டர், முடிந்தது." முடிந்தது என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தார்கள்.

பெயிண்டர் உப்பிய இடத்தைச் சுரண்டி, பட்டி வைத்து, தேய்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். அன்றைக்குப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி கொப்புளம். கொப்புளத்தைக் கிள்ளினால் உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். "ஈரச் சுவருல நான் தங்கத்தை அடிச்சாலும் நிக்காது அண்ணாச்சி" என்றார் பெயிண்டர். அவர் சொன்னது சரிதான். ஆனால் பட்டியலில் அவர் பெயர்தான் இருந்தது, அதனால் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டது அவரைத்தான்.

இங்கேதான் இந்த மாதிரிப் பட்டியல் முதலில் சறுக்குகிறது. குறை எங்கே தெரிகிறதோ அந்தப் பரப்பில் கடைசியாகக் கை வைத்தவரின் பெயரைப் பொறுப்புக் கட்டத்தில் எழுதிவிடுகிறோம். பெயிண்ட் உப்பினால் பெயிண்டர், டைல்ஸ் விரிந்தால் டைல்ஸ்காரர். தெரிகிற குறையும் அதன் காரணமும் ஒரே இடத்தில் இருந்தால் இது சரியாக வரும். ஈரம் விஷயத்தில் அநேகமாக வராது.

பட்டியலைக் கையில் வாங்கியதும் நான் முதலில் மாற்றியது இடம் எழுதும் முறையை. "மாடி பெட்ரூம் சுவர்" என்றால் மாடியில் மூன்று பெட்ரூம், அறைக்கு நான்கு சுவர். இடது, வலது என்று எழுதினாலும் பயனில்லை, வாசலில் நின்று பார்ப்பவருக்கு இடது, ஜன்னலில் நின்று பார்ப்பவருக்கு வலது. நம் பக்கத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. கொத்தனார் முதல் கையாள் வரை எல்லோருக்கும் கன்னி மூலை, அக்னி மூலை, வாயு மூலை, ஈசான மூலை அத்துப்படி. வாஸ்து நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, திசை தப்பாமல் இடம் சொல்ல அதைப் போல எளிய வழி வேறில்லை. ஆகவே ஒவ்வொரு அறைக்கும் மூலையின் பெயர், சுவருக்குத் திசை, பிறகு தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரம். 23-ம் எண் இப்படி ஆயிற்று: மாடி, வாயு மூலை பெட்ரூம், வடக்குச் சுவர், தரையிலிருந்து 10 முதல் 45 செ.மீ. வரை, மேற்கு மூலையிலிருந்து ஒன்றரை மீட்டர் நீளம்.

இப்படி எழுதியதுமே ஒரு விஷயம் தெரிந்தது. அந்த வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். பட்டியலில் இன்னும் கீழே 61-ம் எண் என்று ஒன்று இருந்தது: "கீழே ஸ்டோர் ரூம், கூரையில் மஞ்சள் கறை, கொத்தனார்." வீட்டின் வரைபடத்தில் மாடியைக் கீழ்த்தளத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஸ்டோர் ரூம் அந்த பாத்ரூமுக்கு நேர் கீழே. அறை வாரியாக எழுதிய பட்டியலில் இரண்டுக்கும் நடுவில் முப்பத்தேழு வரிகள். பெயிண்டர் மேலே ஒட்டுப்போட, கொத்தனார் கீழே கூரைப் பூச்சைச் சுரண்டிப் பூச, இரண்டு பேரும் ஒரே தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அறை வாரிப் பட்டியல் நடந்து பார்க்க நல்லது. ஆனால் ஈரம், கறை, விரிசல் என்று வரும் வரிகளை மட்டும் தனியே எடுத்து, மாடிப் படத்தையும் கீழ்த்தளப் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் புள்ளி குத்திப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலைதான்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மழை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும் நாட்களில் பாளையங்கோட்டையில் காற்றும் தூசியும்தான். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். மழையே இல்லாத மாதத்தில் பத்து நாளில் கொப்புளம் திரும்புகிறது என்றால் வீட்டுக்குள் புழங்கும் தண்ணீர்தான். அதிலும் இந்த ஒரு பாத்ரூமில் மட்டும் ஏன்? விசாரித்தபோது காரணம் தெரிந்தது. பெயிண்டரின் ஆட்கள் பிரஷ் கழுவுவதும் சாயங்காலம் குளிப்பதும் இங்கே. மற்ற இரண்டு பாத்ரூமும் இன்னும் யாரும் தொடாதவை. இது முக்கியமான தகவல், பின்னால் வருகிறேன்.

பாத்ரூம் தண்ணீர் சுவருக்குப் போக மூன்று வழி. சுவருக்குள் ஓடும் சப்ளை குழாயில் கசிவு. தரை டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குவது. தரைத் தண்ணீர் வெளியேறும் ஜாலி, டிராப், அதற்குக் கீழுள்ள குழாய் இவற்றின் இணைப்பில் கசிவு. ஒவ்வொன்றும் வேறு ஆள் பொறுப்பு, ஆகவே யார் பெயரை எழுதுவது என்பதற்கு முன்னால் எது என்று பிரிக்க வேண்டும்.

சப்ளை குழாயைப் பிரிப்பது சுலபம். எல்லாக் குழாய் வாயையும் பிளக் போட்டு மூடி, கை பம்ப் வைத்து, வழக்கமாக ஓடும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, இரண்டு மணி நேரம் விட்டோம். முள் அசையவில்லை. அந்த வழி அடைபட்டது.

தரைக்கு இரண்டு கட்டமாகத் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். பாத்ரூம் 8 அடிக்கு 5 அடி. சுவரில் மாட்டிய கிளாசெட் என்பதால் தரையில் ஜாலி தவிர வேறு ஓட்டை இல்லை. முதல் நாள் வாசற்படியில் களிமண் வரப்பு, ஜாலியைச் சுற்றியும் ஒரு சாண் தள்ளி வட்டமாகக் களிமண் வரப்பு. அதாவது ஜாலியும் அதை ஒட்டிய இடமும் காய்ந்திருக்கும், மீதித் தரை முழுக்கத் தண்ணீர் நிற்கும். ஜாலிப் பக்கம் 45 மி.மீ., எதிர் முனையில் 20 மி.மீ. ஆழம். இரண்டு மீட்டரில் 25 மி.மீ. சரிவு, அதாவது எண்பதுக்கு ஒன்று. தரைச் சரிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது. சுவர் டைல்ஸில் தண்ணீர் மட்டத்துக்குப் பென்சில் கோடு. பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு. ஆடிக் காற்றில் தண்ணீர் சும்மாவே வற்றும், பேசின் இல்லாமல் பார்த்தால் வற்றியது எது, கசிந்தது எது என்று தெரியாது. 24 மணி நேரம் கழித்துத் தரையில் 2 மி.மீ. இறக்கம், பேசினிலும் 2 மி.மீ. டைல்ஸ் இடுக்கில் கசிவு இல்லை.

இரண்டாம் நாள் ஜாலி வரப்பை உடைத்துவிட்டு, ஜாலியைக் கழற்றி, குழாய்க்குள் ஒரு சாண் ஆழத்தில் ரப்பர் பிளக்கை இறுக்கி, அதே மட்டத்துக்குத் தண்ணீர் கட்டினோம். இப்போது ஜாலியைச் சுற்றிய இடமும் தண்ணீருக்குள். மறுநாள் 14 மி.மீ. இறங்கியிருந்தது, பேசினில் அதே 2. மீதி 12 மி.மீ. அந்தத் தரைப் பரப்புக்கு நாற்பது லிட்டரைத் தாண்டும். கீழே ஸ்டோர் ரூம் கறையும் அன்று சாயங்காலமே கருத்துவிட்டது. பிளக்குக்கு மேலே, ஜாலியின் விளிம்பில்தான் ஓட்டை.

ஜாலியைச் சுற்றி ஒரு டைல்ஸை எடுத்தபோது விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. பாத்ரூம் தளம் தாழ்த்திப் போட்ட தளம். அதன் அடியில் பிளம்பர் டிராப்பை உட்கார வைத்து, அதிலிருந்து 110 மி.மீ. குழாய்த் துண்டு ஒன்றை மேலே ஏற்றி நிறுத்தியிருக்கிறார். பள்ளத்தைச் செங்கல் துண்டு போட்டு நிரப்பி, மேலே நீர்காப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு குழாயின் விளிம்பு வரை வந்து உள்ளே மடங்கி இறங்கியிருக்க வேண்டும். வரவில்லை, நான்கு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. அப்புறம் வந்த டைல்ஸ்காரருக்குக் குழாய் வாய் டைல்ஸ் மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே கிடைத்திருக்கிறது. அந்த இடைவெளியை வெறும் சிமெண்ட் கலவையால் அடைத்து, மேலே ஜாலியை வைத்துவிட்டார். அந்தக் கலவை குழாய் பிளாஸ்டிக்கோடு ஒட்டாது, காய்ந்ததும் மயிரிழை விட்டுவிடும். ஜாலிக்கு ஓடி வரும் தண்ணீரில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குழாய்க்குள் போகாமல் குழாய்க்கு வெளியே இறங்கியிருக்கிறது. செங்கல் நிரப்பு முழுக்கத் தண்ணீர் கோத்து, மேலே சுவரடி வழியாக ஏறி 23 ஆகவும், கீழே தளம் வழியாக இறங்கி 61 ஆகவும் தெரிந்தது.

"நான் பைப்பை நிறுத்திட்டுப் போகும்போது டைல்ஸே இல்லியே அண்ணாச்சி, மட்டம் எனக்கு எப்படித் தெரியும்" என்றார் பிளம்பர். "பைப் எங்க நிக்கோ அதுக்குத்தான போட முடியும், நானா பைப்பை வெட்ட முடியும்" என்றார் டைல்ஸ்காரர். நீர்காப்பு அடித்தவர் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். மூன்று பேரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள், மூன்று வேலையும் சேரும் அந்த நான்கு விரல் இடம் யார் கணக்கிலும் இல்லை. அது காண்ட்ராக்டரின் கணக்கு. ஆட்களை வரிசைப்படுத்தி அனுப்புவதும், ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கும்முன் பார்ப்பதும்தானே அவர் வாங்கும் காசு.

ஆகவே பொறுப்புக் கட்டத்தில் ஒரு திருத்தம் செய்தோம். ஒரு வரிக்கு ஒரே ஆள். "பிளம்பர்/டைல்ஸ்" என்று சாய்கோடு போட்டு எழுதினால் இரண்டு பேரும் வரமாட்டார்கள், அடுத்தவன் முடிக்கட்டும் என்று இருப்பார்கள். பல ஆள் சேர வேண்டிய வேலையானால் தாய் எண்ணின் கீழ் கிளை வரிகளாக உடைத்து, செய்யும் வரிசையிலேயே எழுதுவது. தாய் எண்ணுக்குப் பொறுப்பு எப்போதும் காண்ட்ராக்டர். 61-ஐ 23-க்குள் சேர்த்துவிட்டு, தனி எண்ணாக அதை மூடினோம். அதன்பின் 23 இப்படி இருந்தது:

| எண் | வேலை | ஆள் | நிலை |
|---|---|---|---|
| 23 | வாயு மூலை பாத்ரூம் ஜாலிக் கசிவு (61 சேர்த்து) | காண்ட்ராக்டர் | நடக்கிறது |
| 23-1 | ஜாலியைச் சுற்றி ஒரு அடிச் சதுரம் தளம் வரை தோண்டி, தண்ணீரை எடுத்தல் | கொத்தனார் | பார்த்து மூடியது |
| 23-2 | குழாய்த் துண்டை டைல்ஸ் மட்டத்துக்குச் சரியாக மாற்றுதல் | பிளம்பர் | பார்த்து மூடியது |
| 23-3 | நிரப்பி, நீர்காப்பு இரண்டு கோட், குழாய்க்குள் மடக்கி இறக்குதல் | நீர்காப்பு ஆள் | ஆள் முடித்தேன் என்றது |
| 23-4 | டைல்ஸ் போடும் முன் 24 மணி நேரம் தண்ணீர் கட்டுதல் | காண்ட்ராக்டர் | தொடங்கவில்லை |
| 23-5 | டைல்ஸ், ஜாலி, இடுக்கு அடைப்பு | டைல்ஸ்காரர் | 23-4 க்குப் பின் |
| 23-6 | பெட்ரூம் வடக்குச் சுவர், ஸ்டோர் ரூம் கூரை உலர்தல் | யாருமில்லை | காத்திருப்பு |
| 23-7 | பூச்சுத் திருத்தம், பட்டி, பெயிண்ட் | பெயிண்டர் | 23-6 க்குப் பின் |

நிலைக் கட்டத்தைக் கவனியுங்கள். பழைய பட்டியலில் "முடிந்தது" என்ற ஒரே சொல் இரண்டு வேறு செய்திகளைச் சுமந்துகொண்டிருந்தது: வேலை செய்தவர் முடித்தேன் என்று போனில் சொன்னது, வேறொருவர் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டது. இரண்டையும் பிரித்தோம். "ஆள் முடித்தேன் என்றது" என்பதை அந்த ஆளே மாற்றலாம். "பார்த்து மூடியது" என்பதைப் பெரியவர் அல்லது நான் மட்டும். வாட்ஸ்அப் குழுவில் "அதெல்லாம் முடிஞ்சிட்டுல்லா அண்ணாச்சி" என்று வரும் குரல் செய்திக்குப் பட்டியலில் எந்த மதிப்பும் இல்லை என்று காண்ட்ராக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம். மூடும்போது எதைப் பார்த்து மூடினோம் என்று ஒரு சொல்லாவது எழுதுவது: "24 மணி, 2 மி.மீ., பேசின் 2" என்பது போல.

23-6-ஐத் தனி வரியாக வைத்ததில் காண்ட்ராக்டருக்குச் சிரிப்பு. ஆளில்லாத வேலையை ஏன் எழுத வேண்டும் என்றார். உலர்வதுதான் இதில் நீளமான வேலை. கசிவை அடைத்தாலும் செங்கல் நிரப்பிலும் சுவரிலும் கோத்த தண்ணீர் அப்படியேதான் இருக்கும். 23-1-ல் தோண்டிய குழியில் ஊறிவந்த தண்ணீரைச் சிரட்டையால் கோதி, துணியால் ஒற்றி எடுத்தார்கள், மறுநாள் மறுபடி ஊறியது. அடியோடு ஊறாமல் நின்ற பிறகுதான் நிரப்பவே விட்டோம். சுவரில் ஈர பெயிண்ட்டையும் பட்டியையும் பூச்சையும் செங்கல் தெரிய உரித்து விட்டுவிட்டோம். உலர்ந்ததா என்று பார்க்க, ஒரு அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால், உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் இன்னும் ஈரம். வியர்க்கவில்லை என்றால் பூச்சு, பட்டி தொடங்கலாம். இந்த வரி பட்டியலில் இல்லாவிட்டால் 23-5 முடிந்த மறுநாளே பெயிண்டர் ஏணியோடு வந்துவிடுவார், மறுபடி கொப்புளம் வரும், சரிசெய்த கசிவையே மறுபடி சந்தேகப்பட்டு டைல்ஸை உடைப்பார்கள். அப்படி உடைத்த வீடுகள் உண்டு.

ஆவணி முகூர்த்தம் நெருங்கியபோது இதுதான் சண்டையாயிற்று. சொந்தக்காரர்கள் வரும் வீட்டில் ஒரு சுவர் செங்கல் தெரிய நிற்பதா என்று பெரியவருக்கு மனத்தாங்கல். ஒரு கோட் மட்டும் அடித்து மறைத்துவிடலாம் என்றார் காண்ட்ராக்டர். கடைசியில் அந்தச் சுவர் ஓரமாக ஒரு பீரோவை ஓரடி தள்ளி நிறுத்திப் பால்காய்ப்பு நடந்தது. பீரோவைச் சுவரோடு ஒட்டியிருந்தால் காற்றுப் போகாது, அந்த ஓரடிக்காக நான் இரண்டு தடவை பேச வேண்டியிருந்தது.

இப்போது முன்னால் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மற்ற இரண்டு பாத்ரூமிலும் ஈரம் என்று பட்டியலில் எந்த வரியும் இல்லை. ஆனால் அங்கே யாரும் தண்ணீர் புழங்கவே இல்லை. அதே பிளம்பர், அதே நீர்காப்பு ஆள், அதே டைல்ஸ்காரர், அதே வரிசை. குறை தெரியாததற்கும் குறை இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. மாடியில் கன்னி மூலை பாத்ரூமிலும் இரண்டு கட்டமாகத் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். அங்கேயும் ஜாலி விளிம்பில் அதே கதை, இறக்கம் கொஞ்சம் குறைவு. 95-ம் எண்ணாக அதைச் சேர்த்து, 23-ன் கிளை வரிகளை அப்படியே அதன் கீழ் எழுதினோம். குடியேறிய பிறகு இது தெரிந்திருந்தால் கீழே ஹாலின் பால்ஸ் சீலிங்கை உடைக்க வேண்டி வந்திருக்கும்.

பணக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அடுக்குமாடியில் பில்டரிடம் வாங்கியவர்களுக்கு 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ம் பிரிவு துணைக்கு இருக்கிறது: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிவித்தால், காசு வாங்காமல் 30 நாளுக்குள் பில்டர் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் காண்ட்ராக்டரிடம் சதுர அடிக் கணக்கில் கட்டுபவருக்கு அது பொருந்தாது. அவருக்கு இருப்பது அவர் எழுதிய ஒப்பந்தமும், இன்னும் கொடுக்காத கடைசித் தவணையும்தான். இந்த வீட்டில் கடைசித் தவணையை மொத்தமாக நிறுத்தாமல், வரிகளோடு கட்டினோம். மூடிய சிறு வேலைகளுக்கான பங்கு உடனே போயிற்று, 23-க்கும் 95-க்கும் உரிய பங்கு மட்டும் நின்றது. மொத்தத்தையும் நிறுத்தினால் காண்ட்ராக்டர் ஆசாரிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கொடுக்க முடியாமல், அவர்கள் வராமல், மற்ற 92 வரியும் தொங்கிவிடும்.

23-7 புரட்டாசிக் கடைசியில் மூடப்பட்டது. பெயிண்டர் இந்தத் தடவை அடிக்கும் முன் தானே பாலிதீன் ஒட்டிப் பார்த்திருந்தார். 95 அதற்கு ஒரு வாரம் பின்னால். கீழ்த்தள பாத்ரூமை மட்டும் இன்னும் மூடவில்லை. அது மண்மேல் நிற்கும் தளம், அடியில் போய்ப் பார்க்க இடமில்லை. ஜாலியை ஒட்டித் தண்ணீர் கட்டியதில் பேசினுக்கும் தரைக்கும் 1 மி.மீ. மட்டுமே வித்தியாசம், பென்சில் கோட்டை வைத்துப் படிக்கும்போது அந்த ஒன்று கைப்பிழையாகவும் இருக்கலாம். "96: கீழ்த்தளம், அக்னி மூலை பாத்ரூம், ஜாலி விளிம்பு. காண்ட்ராக்டர். காத்திருப்பு, கார்த்திகை முடிந்ததும் மறுபடி தண்ணீர் கட்டிப் பார்ப்பது" என்று எழுதி, அதற்கு ஒரு சின்னத் தொகையைப் பெரியவர் கையில் நிறுத்தி வைத்திருக்கிறோம். காண்ட்ராக்டரும் அந்த வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.